அடுத்த மாதம் முதல் நோட்டுகளின் விலை உயர்கிறது
வணக்கம். கையால் தைக்கும் எங்கள் நோட்டுகளின் விலை வரும் 1ஆம் தேதி முதல் 10 சதவீதம் கூடுகிறது. தாளும் அட்டையும் ஒரு வருடமாக விலை ஏறிக்கொண்டே இருந்தன. முடிந்தவரை நாங்களே தாங்கிக்கொண்டோம். மெல்லிய தாளுக்கு மாறியிருந்தால் பழைய விலையிலேயே தந்திருக்கலாம். ஆனால் மை பின்பக்கம் ஊறாது என்று நம்பித்தானே இத்தனை நாள் வாங்குகிறீர்கள், அதைக் கெடுக்க மனம் வரவில்லை. தைப்பவர்களின் கூலியையும் கூட்டியிருக்கிறோம். முன்பே செய்திருக்க வேண்டியது அது.

ஏற்கெனவே ஆர்டர் கொடுத்தவர்களுக்குப் பழைய விலைதான். இந்த மாதக் கடைசி நாள் இரவு வரை வரும் ஆர்டர்களுக்கும் அப்படியே. அப்புறம், அனுப்பும் செலவில் மாற்றமில்லை.

புது விலை கட்டுப்படியாகாவிட்டால் தயங்காமல் எழுதுங்கள். அதே தாளில், பக்கங்களைக் குறைத்துத் தைத்துத் தருகிறோம்.