ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா: கடை அறிமுகக் காணொளிக்கான குரல் உரை

(காட்சி: விறகடுப்பு, வாணலியில் கொதிக்கும் பால்)

வணக்கம். எங்கள் தாத்தா தொடங்கிய கடை இது. அவருக்குப் பின் அப்பா. இப்போது நானும் தங்கையும்.

எங்கள் பால்கோவாவில் பாலும் சர்க்கரையும் மட்டும்தான். பால் சுண்டச் சுண்ட, வாணலியின் ஓரத்தில் ஆடை படியும். அதைத் துடுப்பால் வழித்து நடுவே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கை ஒரு நொடி ஓய்ந்தாலும் அடிப்பிடித்துவிடும். இறக்கும் பக்குவத்தைத் தங்கை கொதிக்கும் ஓசையை வைத்தே சொல்லிவிடுவாள். அப்பா கற்றுக்கொடுத்தது அது.

(காட்சி: பழைய கணக்கு நோட்டு, தாத்தாவின் கையெழுத்து)

கடையில் பத்திரமாக இருக்கும் மிகப் பழைய கணக்கு நோட்டு 1974ஆம் ஆண்டுடையது. அதனால் பலகையில் ‘1974 முதல்’ என்றே எழுதியிருக்கிறோம். அரண்மனைக்குக் கொடுத்தோம், நூற்றாண்டு கண்டோம் என்றெல்லாம் சொல்ல மாட்டோம்; சான்று இல்லாத பெருமை எங்களுக்கு வேண்டாம். 2019இல் கிடைத்த புவிசார் குறியீடுகூட இந்த ஊர்ப் பால்கோவாவுக்கே உரியது; எங்கள் கடைக்கு மட்டும் கிடைத்த பரிசு அல்ல.

(காட்சி: வாழையிலைத் துண்டில் பால்கோவா)

ஆண்டாள் கோவிலுக்கு வருகிறீர்களா? அப்படியே கடைக்கும் வாருங்கள். காலை பத்து மணிக்கு முதல் வாணலி இறங்கும். சூடாகவே சாப்பிட்டுப் பாருங்கள்.