பொருள்: சீனியர் அக்கவுண்டன்ட் வேலை, ஜூலை 14 இன்டர்வியூ நிலவரம் குறித்து

வணக்கம் மேடம்,

ஈரோட்டிலிருந்து கார்த்திகா எழுதுகிறேன். கோவை கணபதியில் இருக்கும் பம்ப் கம்பெனியின் சீனியர் அக்கவுண்டன்ட் வேலைக்காக, நீங்கள் அனுப்பிவைத்து, போன செவ்வாய்க்கிழமை இன்டர்வியூவுக்குப் போய்வந்தேன். அங்கிருந்து உங்களுக்கு ஏதாவது தகவல் வந்ததா என்று கேட்கத்தான் இந்த மெயில்.

ஒரு வாரத்தில் சொல்வதாக ஃபைனான்ஸ் மேனேஜர் சொல்லியிருந்தார். 20ஆம் தேதி வரை எந்த அக்கவுண்ட்ஸ் பிரிவிலும் ஜிஎஸ்டி 3பி தாக்கலைத் தவிர வேறு பேச்சு இருக்காது. நானும் அதே பாடு படுபவள்தான், அதனால் நேற்று முடியட்டும் என்று விட்டு இன்று எழுதுகிறேன். அடுத்து 31க்குள் டிடிஎஸ் ரிட்டர்ன் வேறு இருக்கிறது, எனவே அவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தால் அதுவும் எனக்குப் புரியும்.

இன்டர்வியூ எனக்குப் பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பொதுவாக டேலியில் என்னென்ன தெரியும் என்று கேட்டுவிட்டு அனுப்பிவிடுவார்கள். இங்கே, சப்ளையர் ஜிஎஸ்டிஆர் 1 போடாமல் விட்டதால் நம் 2பியில் பில் வரவில்லை, ஆனால் சரக்கு வந்து பணமும் கொடுத்தாயிற்று, இப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அந்த மாதம் கிரெடிட் எடுக்க மாட்டேன், தனியாகக் குறித்துவைத்து சப்ளையரைத் துரத்துவேன், 2பியில் வந்த பிறகுதான் எடுப்பேன் என்றேன். அதிலிருந்து பேச்சு வெகுநேரம் போயிற்று. பர்ச்சேஸ் ரெஜிஸ்டரையும் 2பியையும் ஒப்பிட நான் வைத்திருக்கும் எக்செல் ஷீட்டின் மாதிரி ஒன்றை அனுப்பச் சொன்னார். அன்று மாலையே, இப்போதைய கம்பெனியின் பெயர், எண் எதுவும் இல்லாமல் மாற்றி, அவர் கொடுத்த மெயிலுக்கு அனுப்பிவிட்டேன். பதில் வராததால் கிடைத்ததா என்று தெரியவில்லை. அவரிடம் பேசும்போது அதை மட்டும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உங்கள் வசதிக்காக அந்த ஃபைலை இதோடும் இணைத்திருக்கிறேன்.

என் பக்கத்தில் எதுவும் மாறவில்லை. நோட்டீஸ் 30 நாள்தான், உங்களிடம் சொன்ன சம்பளமும் அதேதான். இந்த மாதக் கடைசிக்குள் தெரிந்தால் செப்டம்பர் தொடக்கத்தில் சேரலாம், தள்ளிப்போனால் தேதியும் அதற்கேற்றாற்போல் தள்ளும், அவ்வளவுதான். இன்னொரு ரவுண்ட் இருக்கிறது என்றாலும் சரி, வேறு ஆளை எடுத்துவிட்டார்கள் என்றாலும் சரி, தயங்காமல் சொல்லுங்கள். முடிவே ஆகவில்லை என்றால், எப்போது மறுபடி கேட்கலாம் என்று மட்டும் சொன்னால் போதும், அதுவரை உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

வாட்ஸ்அப்பில் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். போன் செய்வதாக இருந்தால் மாலை ஆறரைக்கு மேல் செய்யுங்கள் மேடம், ஆபீசில் என் சீட்டுக்கு நேர் எதிரேதான் மேனேஜர் உட்கார்ந்திருக்கிறார்.

நன்றி,
கார்த்திகா