ஒப்பந்தப் பிரிவு 7: எந்தக் கடிகாரம், எந்த நாள்

(மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் ஏற்றுமதி வியாபாரிக்கும், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் எடிசனில் பூக்கடை நடத்துபவருக்கும் இடையே 2026 செப்டம்பர் 1 முதல் 2027 ஆகஸ்ட் 31 வரை நடப்பில் இருக்கும் மல்லிகை ஏற்றுமதி ஒப்பந்தத்தின் ஒரு பகுதி. மதுரைக்காரர் இனி "விற்பவர்", எடிசன்காரர் "வாங்குபவர்".)

7.1 இந்தப் பிரிவு எதற்கு

2025 நவம்பர் 6, வியாழக்கிழமை. வாங்குபவர் தம் கடையிலிருந்து காலை 10:15-க்கு 25 கிலோ சரத்துக்கு ஆர்டர் அனுப்பினார். முந்தின வாரம் வரை அந்த நேரத்துக்கு மதுரையில் இரவு 7:45. ஆனால் நவம்பர் 2 ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளிவிட்டார்கள். அதனால் ஆர்டர் வந்தபோது மதுரையில் இரவு 8:45. தோட்டங்களுக்குச் சொல்லி முடித்தாயிற்று. கல்யாண வீட்டுக்கு வேண்டிய பூ ஒரு நாள் பிந்திப் போனது. அதை இருவரும் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். தப்பு யார் மேல் என்று இங்கே எழுதவில்லை. மறுபடி அப்படி நடக்காமல் இருக்கத்தான் இந்தப் பிரிவு.

7.2 ஒப்பந்தக் கடிகாரம்

இந்த ஒப்பந்தத்திலும், இதன்கீழ் போடும் ஒவ்வொரு ஆர்டரிலும், நேரம் என்றால் இந்திய நேரம். அதாவது உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது (UTC+05:30). பூ பறிப்பதும் கட்டுவதும் வண்டி ஏறுவதும் இந்தக் கடிகாரப்படி நடப்பதால் இதைத் தேர்ந்திருக்கிறோம். இந்தியாவில் கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று நேரம் மாறுவதில்லை என்பதும் ஒரு காரணம். வாங்குபவருக்கு இதில் வருஷத்துக்கு இரண்டு முறை இடைஞ்சல் உண்டு. அது தெரிந்தே அவர் ஒப்புக்கொள்கிறார்.

நேரத்தை எழுதும்போது "IST" என்ற மூன்று எழுத்தை மட்டும் போட்டால் போதாது. இஸ்ரேல்காரரும் அயர்லாந்துக்காரரும் தங்கள் நேரத்துக்கு அதே எழுத்துகளைத்தான் போடுகிறார்கள். ஆர்டர் தாளிலும் கடிதத்திலும் வடிவம் இதுதான்:

```
2026-11-05 20:00 UTC+05:30
```

வருஷம், மாதம், நாள் என்ற வரிசை மாறக்கூடாது. 05/11 என்று எழுதினால் மதுரையில் அது நவம்பர் 5, எடிசனில் மே 11. அப்படி எழுதிய தேதி செல்லாது. அந்தத் தாளோ கடிதமோ யார் கைக்கு வந்ததோ அவர் உடனே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

7.3 நாள் எப்போது தொடங்குகிறது

நள்ளிரவு 00:00-க்குத் தொடங்கி 23:59-க்கு முடிவதே ஒரு நாள். பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில் தொடங்கும். நம் பேச்சிலும் அப்படித்தான். விடிகிற வரைக்கும் வெள்ளிக்கிழமை ராத்திரிதான். இந்த ஒப்பந்தத்துக்கு அது பொருந்தாது. "வெள்ளி ராத்திரி 2 மணி" என்று வாயால் சொல்வது இங்கே சனிக்கிழமை 02:00. தாளில் சனிக்கிழமைத் தேதியைத்தான் போட வேண்டும். இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், 7.5-இல் வரும் ஒப்படைப்பு நேரமே அந்த 02:00 மணிதான்.

"இரவு 12 மணி" என்ற சொல்லை எங்கும் எழுதக்கூடாது. நாளின் கடைசி வரை என்றால் 23:59 என்று எழுதவும்.

"இன்று", "நாளை", "நாளைக் காலை" ஆகியவற்றுக்குத் தனியாக மதிப்பு இல்லை. எடிசனில் செவ்வாய் இரவு 9 மணிக்கு வாங்குபவர் "அண்ணே, நாளைக்கு 20 கிலோ வேணும்" என்று செய்தி போட்டால், மதுரையில் அப்போது ஏற்கெனவே புதன்கிழமை காலை. அவர் சொல்லும் நாளை இங்கே இன்று. ஆகவே தேதி இல்லாத செய்தி ஆர்டர் ஆகாது. தமிழ் மாதத் தேதி, அமாவாசை, முகூர்த்தம் என்று குறிப்பதும் இப்படியே. முகூர்த்தம் எந்த நாளில் என்று பார்த்துச் சொல்வது வாங்குபவர் வேலை. ஆர்டரில் ஆங்கில மாதத் தேதிதான் எண்ணப்படும்.

7.4 ஆர்டர் முடியும் நேரம்

பூ பறிக்கும் நாளுக்கு முந்தின நாள் 20:00. அதற்குப் பிறகு விற்பவர் திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத் தோட்டங்களுக்கும் கமிஷன் கடைகளுக்கும் அளவு சொல்லிவிடுவார். பறிக்கிற ஆட்கள் விடியும் முன்பே தோட்டத்தில் இறங்கிவிடுவதால், இந்த நேரத்தைத் தள்ள இடமில்லை.

வாங்குபவர் வசதிக்காக நியூயார்க் நேரத்தை (America/New_York) இங்கே தருகிறோம். 2026 அக்டோபர் 31 வரை 20:00 என்பது அங்கே காலை 10:30. நவம்பர் 1 முதல் 2027 மார்ச் 13 வரை காலை 9:30. மார்ச் 14 முதல் மறுபடி 10:30. இது தகவலுக்கு மட்டுமே. கணக்கில் தவறு இருந்தாலும், அமெரிக்க அரசு கடிகார மாற்றத்தையே கைவிட்டாலும், 20:00 மாறாது.

உதாரணம்: 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. அதற்கான பூ நவம்பர் 6 வெள்ளி காலை பறிக்கப்படும். ஆர்டர் முடியும் நேரம் நவம்பர் 5 வியாழன் 20:00. எடிசனில் அன்று காலை 9:30. முந்தின வாரப் பழக்கத்தில் வாங்குபவர் 10:00 மணிக்கு அனுப்பினால், அது 20:30-க்கு வந்த ஆர்டர். அரை மணி நேரம் பிந்தியது.

பிந்திய ஆர்டரை ஏற்பதும் மறுப்பதும் விற்பவர் விருப்பம். ஏற்பதானால் 21:30-க்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது அடுத்த நாளைக்கான ஆர்டராகப் போகும். வாங்குபவர் அது வேண்டாம் என்றால் மறுநாள் 20:00-க்குள் ரத்து செய்யலாம்.

ஆர்டரின் விலை "அன்றைய மார்க்கெட் விலை" என்று இருந்தால், அன்று என்பது பூ பறிக்கும் நாள். அந்நாள் 07:30-க்கு மாட்டுத்தாவணியில் நடக்கும் விலை எதுவோ அது.

7.5 ஒப்படைப்பு

கட்டிய சரம் ஐஸ் ஜெல் பையோடு தெர்மாகோல் பெட்டியில் அடுக்கப்பட்டு, பறித்த நாள் 15:00-க்குள் மதுரையிலிருந்து வண்டி ஏற வேண்டும். அப்புறம், மறுநாள் 02:00-க்குள் சென்னை விமான நிலையச் சரக்கு வளாகத்தில் வாங்குபவரின் ஏஜெண்டிடம் ஒப்படைக்க வேண்டும். மேலே சொன்ன தீபாவளி ஆர்டருக்கு அது 2026 நவம்பர் 7 சனி 02:00. எடிசனில் அப்போது நவம்பர் 6 வெள்ளி பிற்பகல் 3:30.

ஏஜெண்டு தரும் ரசீதில் உள்ள நேரமே ஒப்படைத்த நேரம். வண்டி கேட்டுக்கு வந்த நேரம், டிரைவர் போனில் சொன்ன நேரம் எதுவும் சேராது. 02:30 வரை பிந்தினால் பொறுத்துக்கொள்ளப்படும். அதற்குமேல் ஒவ்வொரு அரை மணிக்கும், முழு அரை மணி ஆகாவிட்டாலும், அந்த ஆர்டரின் விலையில் 5 சதவீதம் குறையும். 04:00-ஐத் தாண்டினால் வாங்குபவர் சரக்கை மறுக்கலாம். ஆர்டர் தேதியைத் தாளில் ஒரு நாள் தவறாகப் போட்டதால் வந்த தாமதம் யார் எழுதியதோ அவர் பொறுப்பு.

ஒப்படைத்த பிறகு விமானம் எப்போது போகிறது, எப்போது சேர்கிறது என்பது விற்பவர் பொறுப்பு அல்ல. விமானச் சரக்குச் சீட்டில் புறப்பாடு சென்னை நேரத்திலும் வருகை அங்குள்ள நேரத்திலும் இருக்கும். சென்னையில் நவம்பர் 7 காலை 4:30 புறப்பாடு, நியூவார்க்கில் அதே நாள் மாலை 6:00 வருகை என்று சீட்டில் இருந்தால் வழியில் போனது பதின்மூன்றரை மணி நேரம் அல்ல, 24 மணி நேரம். பூ எத்தனை மணி நேரம் பெட்டியில் இருந்தது என்ற கேள்வி வந்தால் இரண்டு நேரத்தையும் ஒப்பந்தக் கடிகாரத்துக்கு மாற்றித்தான் கழிக்க வேண்டும்.

7.6 புகார் சொல்லும் கெடு

பெட்டியில் பூ கறுத்தோ அழுகியோ இருந்தால், வேளாண் பரிசோதனை முடிந்து பெட்டி கைக்கு வந்ததிலிருந்து 6 மணி நேரத்துக்குள் படத்தோடு புகார் வர வேண்டும். இங்கே மணி நேரம் என்பது உண்மையாகக் கழிந்த 60 நிமிடம். சுவர்க் கடிகாரம் காட்டுவது அல்ல. 2026 அக்டோபர் 31 இரவு 10 மணிக்குப் பெட்டி கைக்கு வந்தால், 6 மணி நேரம் முடியும்போது அங்குள்ள கடிகாரம் நவம்பர் 1 அதிகாலை 3 மணியைத்தான் காட்டும், 4 மணியை அல்ல. நடுவில் ஒரு மணி நேரம் இரண்டு முறை வருகிறது. ஒப்பந்தக் கடிகாரத்தில் குழப்பமே இல்லை: நவம்பர் 1, 07:30-க்குத் தொடங்கி 13:30-க்கு முடிகிறது.

7.7 பணம்: ஒரே விதிவிலக்கு

பணம் அனுப்புவதற்கு மட்டும் நியூயார்க் நேரம். வாங்குபவரின் வங்கி அங்கே இருக்கிறது. மதுரை நேரப்படி கெடு வைத்தால் வங்கி திறக்கும் முன்பே கெடு முடிந்துவிடும், அது நியாயமில்லை. ஒப்படைத்த நாளை விட்டுவிட்டு, அடுத்த நாளை ஒன்று என எண்ணி, ஏழாம் நாள் நியூயார்க் நேரம் மாலை 5:00-க்குள் வங்கியில் அனுப்பும் உத்தரவு பதிவாக வேண்டும். ஒப்படைத்த நாள் எது என்பது மட்டும் ரசீதில் உள்ள இந்தியத் தேதிப்படி. ஏழாம் நாள் அங்கே வங்கி விடுமுறையானால் அடுத்த வேலை நாள். மதுரையில் வங்கி லீவு என்பதற்காகக் கெடு தள்ளிப்போகாது.

7.8 செய்தி வந்த நேரம்

ஆர்டர், ரத்து, புகார் மூன்றும் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் உள்ள மின்னஞ்சல் முகவரிக்கு வர வேண்டும். அந்தப் பெட்டிக்குள் செய்தி நுழைந்த நேரமே வந்த நேரம்; திறந்து படித்த நேரம் அல்ல. 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 13-உம் இதே வழியைத்தான் சொல்கிறது. மின்னஞ்சலின் தலைப்பகுதியில் உள்ள நேரத்தை +0530-க்கு மாற்றிப் படிக்கவும்.

வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளலாம், தடையில்லை. ஆனால் அது ஒவ்வொரு போனிலும் அந்தப் போனின் நேரத்தையே காட்டுவதால், அதன் ஸ்கிரீன்ஷாட் நேரத்துக்குச் சாட்சி ஆகாது. குரல் பதிவில் சொன்ன ஆர்டரும் ஆர்டர் அல்ல.

7.9 மாற்றம்

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 47, நாள் மட்டும் குறித்து நேரம் குறிக்காதபோது அந்த இடத்தின் வழக்கமான வியாபார நேரத்தைப் பார்க்கச் சொல்கிறது. 7.4, 7.5-இல் நேரத்தைக் குறித்துவிட்டதால் அந்த இரண்டுக்கும் "மார்க்கெட் வழக்கம் இது" என்ற வாதம் எழாது. இந்தியாவில் சட்டப்படியான நேரமே மாறினால், ஏற்கெனவே போட்ட ஆர்டர்கள் +05:30-இலேயே முடியும். புதிய ஆர்டர்களுக்கு இரு தரப்பும் 30 நாளுக்குள் எழுத்தில் பேசி முடிவு செய்ய வேண்டும். அதுவரை பழைய கடிகாரமே ஓடும்.