கிணத்துத் தண்ணி ரிப்போர்ட்: படத்துக்கும் டேபிளுக்கும் மாத்தி எழுதின குறிப்பு

தம்பி, நாலாவது அத்தியாயத்துல இருக்கற படம், டேபிள் எல்லாத்துக்கும் கீழ வர்ற குறிப்ப மாத்தி எழுதிட்டேன், அப்படியே காப்பி பண்ணிப் போட்டுக்கோ. ஊர்க் கூடத்துல ஒட்டப்போறது படம் மட்டும்தான், அறுபது பக்கத்த யாரும் செவுத்துல ஒட்டப்போறதில்ல, அதனால "மேலே கூறியபடி", "பிரிவு 3.2 காண்க" எல்லாத்தையும் தூக்கிட்டேன். படிக்கப்போறது தேவனாம்பட்டினம், தாழங்குடா ஆளுங்க, அதான் பேச்சு நடையிலயே விட்டுட்டேன், காலேஜுக்குக் குடுக்கற காப்பில வேணும்னா நீ இழுத்துக் கட்டிக்கோ.

படம் 4.1 (நீ எழுதியிருந்தது: "ஆய்வுப் பகுதி". அவ்ளோதானா?)

படம் 4.1: தேவனாம்பட்டினத்துல இருந்து தாழங்குடா வரைக்கும் நாங்க தண்ணி எடுத்துப் பாத்த 14 இடம். வட்டம் போட்டது தோண்டின கிணறு (9), முக்கோணம் போட்டது கைப்பம்பு (5). பக்கத்துல இருக்கற நம்பர் நாங்க வச்ச நம்பர், கடலுக்குக் கிட்ட இருக்கறது 1, தள்ளி இருக்கறது 14. வீட்டுக் கதவு நம்பரோட குழப்பிக்க வேணாம். 1-ஆம் நம்பர் கடல்ல இருந்து 90 மீட்டர், 14-ஆம் நம்பர் 1,150 மீட்டர். வலது பக்கம் வங்காள விரிகுடா, மேல தென்பெண்ணை கடல்ல கலக்கற இடம், கீழ கெடிலம். மேல் பக்கம் வடக்கு.

படம் 4.2 இதுலதான் எனக்கு நேரமே போச்சு. நீ போட்டது "பருவமழைக்கு முன்னும் பின்னும் TDS ஒப்பீடு". எந்த மழை, எந்த வருஷம், கோடு போட்டிருக்கியே அது என்ன கோடு, ஒண்ணும் இல்ல. செவப்பு, பச்சைன்னு வேற கலர் குடுத்திருக்க, ஜெராக்ஸ் எடுத்தா ரெண்டும் ஒரே சாம்பல்தான், அதனால படத்தையும் மாத்தச் சொல்லி இருக்கேன்.

படம் 4.2: 14 கிணறு, பம்புல தண்ணியில எவ்ளோ உப்பு கரைஞ்சிருக்கு (டிடிஎஸ்), மழைக்கு முன்னாடியும் பின்னாடியும். கருப்புக் கட்டம் 2024 செப்டம்பர் இரண்டாவது வாரம் எடுத்தது, கோடு போட்ட கட்டம் 2025 ஜனவரி மூணாவது வாரம் எடுத்தது. கட்டம் ஒசரமா இருந்தா உப்பு ஜாஸ்தி. எண்ணெல்லாம் ஒரு லிட்டருக்கு எத்தன மில்லிகிராம்ங்கற கணக்கு. குறுக்க போற கீழ்க்கோடு 500: குடிக்கற தண்ணிக்கு இந்திய தர அளவு (ஐஎஸ் 10500, 2012) ஏத்துக்கற அளவு. மேல்கோடு 2,000: வேற தண்ணி கிடைக்காத எடத்துல மட்டும் பொறுத்துக்கலாம்னு அதே தர அளவு சொல்ற உச்சம். இடமிருந்து வலமா கடலுக்குக் கிட்ட இருந்து தள்ளிப் போற வரிசை. செப்டம்பர்ல 2,000-க்கு மேல போனது 5 (3, 4, 9, 11, 12), ஜனவரில 3 (4, 11, 12). 11-ல மட்டும் மழைக்கு அப்புறம் உப்பு ஏறியிருக்கு, 2,310-ல இருந்து 3,040. 7-ஆம் பம்புக்கு ஜனவரிக் கட்டம் இல்ல, கைப்பிடிய ரிப்பேருக்குக் கழட்டிட்டுப் போயிருந்தாங்க, தண்ணி எடுக்க முடியல. உப்பு இல்லைன்னு அர்த்தம் இல்ல. நடுவுல 2024 நவம்பர் 30 ராத்திரி பெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரை ஏறி, அதுக்கப்புறம் தென்பெண்ணைல வெள்ளம் வந்துச்சு, அதனால இந்த ரெண்டு எடுப்புக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்த எல்லா வருஷ மழைக்கும் அப்படியே வச்சுப் பாக்கக் கூடாது.

கடைசி ரெண்டு வாக்கியத்தயும் நீளமா இருக்குன்னு வெட்டிடாத. முன்னாடி ஒரு தடவ வேற ஊர்ல நாங்க ஒட்டின டேபிள்ல ஒரு கோடு (—) மட்டும் போட்டிருந்தோம், ஒரு பாட்டி வந்து விரல வச்சு "எங்க கெணத்துல உப்பே இல்லன்னு போட்டிருக்க, அப்புறம் ஏன் சோறு கரிக்குது"ன்னு கேட்டாங்க. பதில் எங்க ரிப்போர்ட்ல 41-ஆம் பக்கத்துல இருந்துச்சு.

டேபிள் 4.1 தலைப்பு: 14 கிணறு, பம்பு: ஆழம், கடல்ல இருந்து தூரம், 2024 செப்டம்பர், 2025 ஜனவரில தண்ணியோட டிடிஎஸ் (ஒரு லிட்டருக்கு மில்லிகிராம்).

குறிப்பு: டிடிஎஸ்னா தண்ணியில கரைஞ்சு நிக்கற உப்பு, தாது எல்லாம் சேத்து, ஆர்.ஓ. மெஷின் போட வர்ற பையன் பேனா மாதிரி ஒரு மீட்டர விட்டுக் காட்டுவானே, அதே எண்தான். நாங்க நேரா டிடிஎஸ் அளக்கல, தண்ணி கரண்ட் கடத்தற அளவ (ஈசி) அளந்து 0.64-ஆல பெருக்கினது. உதாரணமா 11-ஆம் கிணறு செப்டம்பர்ல 3,610 மைக்ரோசீமன்ஸ், அத 0.64-ஆல பெருக்கினா 2,310. இது தோராயம், லேப்ல காய்ச்சிப் பாத்தா கொஞ்சம் முன்ன பின்ன வரும். ஒவ்வொரு எடத்துலயும் மூணு தடவ அளந்து நடுவுல வந்த எண்ண எடுத்து, பக்கத்துப் பத்துக்குச் சரி பண்ணிப் போட்டிருக்கு. ஆழம் அடில, வீட்டுக்காரங்க சொன்னது, நாங்க கயிறு விட்டுப் பாக்கல. கோடு (—) போட்ட எடம் தண்ணி எடுக்க முடியாதது. நட்சத்திரம் (*) போட்ட 4, 12 ரெண்டும் இப்ப குடிக்கறதுக்கு இல்ல, பாத்திரம் கழுவ மட்டும்னு வீட்டுக்காரங்க சொன்னாங்க. பாக்டீரியா, நைட்ரேட் எதுவும் பாக்கல, அதனால 500-க்குக் கீழ இருக்கற தண்ணி சுத்தம்னு இந்த டேபிள வச்சு சொல்ல முடியாது.

படம் 4.3 ("கைபன்-ஹெர்ஸ்பெர்க் மாதிரி"ன்னு மட்டும் போட்டா யாருக்குப் புரியும்? பேரே தேவையில்ல.)

படம் 4.3: கடலோரத்துல நல்ல தண்ணி எப்படி உப்புத் தண்ணி மேல மிதக்குதுன்னு காட்டற கைப்படம். கடல்தண்ணி நல்ல தண்ணிய விட சுமார் 2.5 சதவீதம் கனம், அதனால நிலத்தடில நல்ல தண்ணி கடல் மட்டத்துக்கு மேல 1 அடி நின்னா, கீழ சுமார் 40 அடி வரைக்கும் நல்ல தண்ணி இருக்கும்னு ஒரு பழைய கணக்கு. மோட்டார் போட்டு ரொம்ப இழுத்தா மேல இருக்கற அடி கொறையும், கீழ இருந்து உப்பு ஏறும் (அம்புக்குறி). இது கணக்குப்படி வரைஞ்சது, இந்த 14 எடத்துலயும் அளந்தது இல்ல. அளவும் சரியா வரையல: படத்துல ஒசரத்த பெருசு பண்ணிக் காட்டியிருக்கு.

படம் 4.4 போட்டோ, சின்னதுதான். "வெள்ள பாதிப்பு"ன்னு இருந்துச்சு.

படம் 4.4: 11-ஆம் கிணத்துப் பக்கத்து வீட்டுச் செவுரு, வெள்ளம் வடிஞ்சப்புறம் 2024 டிசம்பர் 9 எடுத்தது. சேத்துக் கோடு தரையில இருந்து 110 செ.மீ., வெள்ளம் அது வரைக்கும் நின்னுச்சு. ஒசரம் தெரியறதுக்காக செவுத்துல சாச்சு வச்சிருக்கறது 1 மீட்டர் கட்டை. கிணத்து மேட்டு விளிம்பு 75 செ.மீ.தான், அதனால வெள்ளத் தண்ணி உள்ள போயிருக்கு. 11-ல உப்பு ஏறினதுக்கு இதுதான் காரணம்னு இந்தப் படத்த வச்சு சொல்ல முடியாது.

ஒரு சந்தேகம்: 9-ஆம் கிணறு டேபிள்ல 22 அடி, நீ அனுப்பின எக்செல்ல 28 அடி. எது சரின்னு அந்த வீட்டம்மா கிட்ட போன் பண்ணிக் கேட்டுட்டு சொல்லு, அதுக்கப்புறம் பிரிண்டுக்குக் குடுக்கலாம்.