திருமணப் படப்பிடிப்பு ஒப்பந்தம்

மதுரையில் 2026 செப்டம்பர் 12 மாலை வரவேற்பையும் 13 காலை முகூர்த்தத்தையும் படம்பிடிக்க, மணமகளின் தந்தை முருகேசனும் ஒளிப்படக் கலைஞர் சரவணனும் ஒப்புக்கொண்டவை:

கட்டணம் ரூ.1,20,000. முன்பணம் ரூ.40,000 இன்று பெறப்பட்டது. மீதி ஆல்பம் தரும்போது. திருமண வீட்டார் ரத்து செய்தால் முன்பணம் திரும்பாது.

சரவணன் வர இயலாவிட்டால், நிகரான அனுபவமுள்ளவரின் படங்களைக் காட்டிச் சம்மதம் பெற்றே அவரை அனுப்ப வேண்டும். சம்மதம் இல்லையெனில் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்.

தேர்வுக்கான படங்கள் 15 நாட்களில். தேர்ந்தெடுத்துக் கொடுத்த 45 நாட்களில் ஆல்பமும் வீடியோவும். அதன்பின் தாமதமாகும் ஒவ்வொரு வாரத்துக்கும் ரூ.1,000 கழிக்கப்படும்.

தாலி கட்டும் நேரம் மறுபடி வராது. ஆகவே இரண்டு கேமராக்களில் பதிவு செய்து, அன்றிரவே தனி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுக்க வேண்டும். அப்படியும் பதிவு அழிந்தால் மீட்கும் செலவு சரவணனுடையது. முகூர்த்தப் பதிவு மீளாவிட்டால் பெற்ற பணம் முழுவதையும் திருப்பித் தருவார்.

இப்படிக்கு, முருகேசன், சரவணன்
மதுரை, 2026 ஜூன் 10