ஐந்து நாள் நாற்காலி, இரண்டு நாள் மைதானம்: வீட்டில் செய்ய ஒரு ஸ்ட்ரெச்சிங் வழிகாட்டி

இதைப் பிரின்ட் எடுத்து, மேட் விரிக்கும் இடத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். போனில் வைத்தால் பாதியில் வேறு எதையாவது பார்க்கப் போய்விடுவீர்கள்.

யாருக்கு

திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு நாளில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்து, சனி ஞாயிறில் பேட்மின்டன், ஃபுட்பால், கிரிக்கெட், டென்னிஸ் என்று இறங்குகிறவர்களுக்கு. பிசியோதெரபி செய்கிற எனக்குத் திங்கட்கிழமை காலை எப்போதும் கூட்டம்தான். கெண்டைக்கால் பிடிப்பு, இடுப்புப் பிடிப்பு, பின்தொடை இழுப்பு. பெரும்பாலானவர்கள், "விளையாடுறதுக்கு முன்னாடி நல்லா ஸ்ட்ரெச் பண்ணேனே" என்றுதான் ஆரம்பிப்பார்கள். மைதானத்து ஓரத்தில் ஐந்து நிமிடம் காலை இழுத்துப் பிடிப்பது, வாரம் முழுக்க உட்கார்ந்ததைச் சரிசெய்துவிடாது. வேலை நடக்க வேண்டியது வார நாளில், வீட்டில்.

ஏற்கெனவே அடிபட்டு வலி இருந்தாலோ, சமீபத்தில் அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ முதலில் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

முதலில் ஒரு சோதனை

வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நில்லுங்கள். பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் நடுவே 10 செ.மீ. இடைவெளி. குதிகால் தரையிலேயே இருக்க, முட்டியை முன்னே கொண்டுபோய்ச் சுவரைத் தொடுங்கள். தொட்டால் கணுக்கால் நன்றாக இருக்கிறது. குதிகால் தூக்கினாலோ, குதிகால் தூக்காமல் சுவரைத் தொட முடிகிற அதிகபட்ச தூரத்தில் இரண்டு காலுக்கும் 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, கீழே உள்ள நான்காவது பயிற்சியை விடாதீர்கள். கணுக்கால் மடங்காவிட்டால் அந்தச் சுமை முட்டிக்கும் பாதத்துக்கும் போகும். அந்தத் தூரத்தைத் தேதியோடு இந்தத் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி அளந்து பார்க்கலாம்.

வார நாள் பயிற்சி: சுமார் 15 நிமிடம், வாரம் மூன்று நாள்

குளித்த பிறகோ, சின்ன நடை போய்வந்த பிறகோ செய்தால் உடம்பு இணங்கும். தூங்கி எழுந்ததும் முதுகை ஆழமாக வளைக்க வேண்டாம், அப்போது அது விறைப்பாக இருக்கும்.

1. பூனை-பசு. கை, முட்டி ஊன்றி, முதுகை மெதுவாக மேலே வளைத்து, பிறகு கீழே இறக்குங்கள். 8 முறை. மூச்சோடு சேர்ந்து போகட்டும்.

2. முட்டி ஊன்றிய இடுப்பு ஸ்ட்ரெச். இந்தத் தாளில் ஒன்றே ஒன்றுதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். நாற்காலியில் உட்காரும்போது தொடைக்கும் இடுப்புக்கும் நடுவில், முன்பக்கம் இருக்கும் தசைகள் மணிக்கணக்கில் மடங்கியே கிடக்கின்றன. ஓடும்போது கால் பின்னால் நீள வேண்டிய இடத்தில் அவை விட்டுக்கொடுக்காவிட்டால், அந்த நீளத்தை இடுப்பு முதுகு வளைந்து ஈடுகட்டும்.

வலது முட்டியைத் தலையணை மேல் ஊன்றி, இடது பாதத்தை முன்னே வையுங்கள். இப்போது எல்லோரும் உடம்பை முன்னால் தள்ளுவார்கள். தள்ள வேண்டாம். நேராக நிமிர்ந்து, வலது பிட்டத்தை இறுக்கி, பேண்ட் பெல்ட்டின் முன்பக்கத்தை மேலே தூக்குவதுபோல இடுப்பைச் சுருட்டுங்கள். உடம்பு ஒரு அங்குலம்கூட நகர்ந்திருக்காது, ஆனால் தொடை மேற்பகுதியில் இழுப்பு தெரியும். அதுதான் சரியான இடம். அந்த இழுப்பு போதாது என்றால் மட்டும், இறுக்கத்தை விடாமல் கொஞ்சம் முன்னே வாருங்கள். 30 வினாடி, ஒவ்வொரு பக்கமும் 2 முறை. இடுப்பு முதுகில் இழுத்தால் சுருட்டியது அவிழ்ந்துவிட்டது என்று அர்த்தம், மறுபடி தொடங்குங்கள்.

3. மேல்முதுகு திருப்பல். ஒருக்களித்துப் படுத்து, முட்டிகளை மடக்கி, இரண்டு கைகளையும் முன்னே நீட்டுங்கள். மேல் கையைத் தூக்கி மறுபக்கம் விரித்துக்கொண்டே போங்கள். தலையும் கூடவே திரும்பட்டும், முட்டிகள் மட்டும் பிரியக்கூடாது. பக்கத்துக்கு 8 முறை. ஸ்மாஷ் அடிப்பவர்களும் பந்து வீசுபவர்களும் இதை விடக்கூடாது. மேல்முதுகு திரும்பாதபோது தோள்பட்டை அந்த வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

4. கணுக்கால் ஆட்டம். மேலே சொன்ன சோதனையே பயிற்சி. சுவரைத் தொட்டுத் தொட்டு வாருங்கள், காலுக்கு 10 முறை. முட்டி உள்பக்கம் விழாமல், இரண்டாவது விரலின் நேருக்குப் போக வேண்டும்.

5. படிக்கட்டில் குதிகால் இறக்கம். இது ஸ்ட்ரெச் மட்டும் அல்ல, வலுப்பயிற்சியும்தான். பாதத்தின் முன்பகுதியை மட்டும் படி விளிம்பில் வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு காலாலும் எழும்பி, 3 வினாடி எடுத்து மெதுவாகப் படிக்குக் கீழே வரை இறங்குங்கள். 12 முறை, 2 சுற்று. சுலபமாகிவிட்டால் இரண்டு காலால் எழும்பி ஒரு காலால் இறங்கலாம். குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த நாண், திடீர் ஓட்டத்தில் அறுந்துபோவது முப்பது நாற்பது வயதில் எப்போதாவது விளையாடும் ஆண்களிடம்தான் அதிகம். இந்த இடத்தில் வளைவு மட்டும் போதாது, பலமும் வேண்டும்.

6. பின்தொடை. மல்லாந்து படுத்து, பாதத்தில் டவலை மாட்டி, காலை மேலே தூக்குங்கள். முட்டி லேசாக மடங்கியிருக்கலாம். 30 வினாடி, 2 முறை. கால் முழுக்க மின்சாரம் பாய்வதுபோல இருந்தால் அது நரம்பு, தசை இல்லை, உடனே தளர்த்துங்கள்.

தோள்பட்டை முன்னே குவிந்திருப்பவர்கள், கதவு நிலையில் முன்கையை வைத்து ஒரு அடி முன்னே எடுத்து மார்பை விரிப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இழுப்பு எவ்வளவு இருக்கலாம்? 10க்கு 4 அல்லது 5. பல்லைக் கடிக்க வேண்டியிருந்தால் அதிகம்.

அலுவலகத்தில்

அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நில்லுங்கள். அவ்வளவுதான். போன் வந்தால் நடந்துகொண்டே பேசுங்கள். சரியாக உட்காரும் விதம் எது என்று தேடிக்கொண்டிருப்பதைவிட, அடிக்கடி மாறி உட்காருவது மேல்.

விளையாடும் முன் 10 நிமிடம்

ஒரே இடத்தில் நின்று நீளமாக இழுத்துப் பிடிப்பதை இங்கே தவிருங்கள். ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்தால், அதற்கப்புறம் கொஞ்ச நேரம் அதன் வேகமும் விசையும் சற்றுக் குறையும். அசைந்துகொண்டே உடம்பைச் சூடாக்குங்கள்.

- 3 நிமிடம் மெதுவான ஓட்டம், பக்கவாட்டு ஓட்டத்தோடு
- காலை முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் வீசுதல், 10 முறை
- நடந்துகொண்டே ஒரு காலை நீளமாக முன்னே வைத்து, முட்டி மடக்கி இறங்குதல், மேல் உடம்பைத் திருப்பியபடி, 8 அடி
- தோள்பட்டைச் சுழற்சி, இரண்டு திசையிலும்
- கடைசியாக 3 குட்டி ஓட்டம்: பாதி வேகம், முக்கால் வேகம், ஏறத்தாழ முழு வேகம்

கடைசி வரிதான் எல்லோரும் தாண்டிப் போவது. முழு வேகத்தை உங்கள் கால் முதல்முறை பார்ப்பது ஆட்டத்துக்கு நடுவில் என்றால், பின்தொடை பிடிக்கத்தான் செய்யும்.

விளையாடிய பிறகு

ஐந்து நிமிடம் நடங்கள், தண்ணீர் குடியுங்கள். ஸ்ட்ரெச் செய்வது இதமாக இருந்தால் செய்யலாம். மறுநாள் வலியை அது பெரிதாகக் குறைக்காது. வழக்கமான தசைவலி ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக அடங்கும்.

வார அட்டவணை

- திங்கள்: நடை மட்டும்
- செவ்வாய்: 1 முதல் 6 வரை
- புதன்: 2 மட்டும்
- வியாழன்: 1 முதல் 6 வரை
- வெள்ளி: 1 முதல் 4 வரை, 5 வேண்டாம், காலை களைப்பாக்கிக்கொண்டு சனிக்கிழமை இறங்கக்கூடாது
- சனி, ஞாயிறு: வார்ம்-அப், ஆட்டம்

எப்போது நிறுத்த வேண்டும்

- குதிகாலுக்குப் பின்னால் யாரோ உதைத்தது போலவோ, 'டப்' என்ற சத்தத்தோடோ வலி வந்து, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் அன்றே மருத்துவரிடம் போங்கள்
- முட்டி சில மணி நேரத்தில் வீங்கினாலோ, மடக்க நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ அன்றே காட்டுங்கள்
- முதுகுவலியோடு காலில் மரத்துப்போதலோ பலவீனமோ வந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் கட்டுப்பாடு போனால் நேராக அவசர சிகிச்சைக்கு
- மார்பில் அழுத்தம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் ஆட்டத்தை அங்கேயே நிறுத்தி ஆம்புலன்ஸை அழையுங்கள்