பேண்டிலிருந்து விலகுகிறேன்

ஆகஸ்ட் 2

அன்புள்ள ஜோ அண்ணா, மீனா, கதிர்,

இந்த மாதம் 31ஆம் தேதியோடு நம் பேண்டிலிருந்து விலகுகிறேன். வியாழக்கிழமை ரிகர்சலில் நேரில் சொல்லத்தான் வந்தேன். கதிர் நாலு எண்ணி ஆரம்பித்ததும் வாய் வரவில்லை. வாசித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. செப்டம்பர் 1 அன்று சேர வேண்டும். ஷிப்ட் வேலை, சனி ஞாயிறும் வரும். முடிந்தபோது வந்து வாசிக்கலாமே என்று அண்ணா கேட்பீர்கள். நானும் ஒரு வாரம் அதைத்தான் யோசித்தேன். ஷோவுக்கு வருவேனா மாட்டேனா என்று கடைசி நாள்வரை தெரியாத ஒருவனை வைத்துக்கொண்டு நீங்கள் எந்தத் தேதியையும் ஒப்புக்கொள்ள முடியாது. அது உங்களுக்குச் செய்யும் அநியாயம்.

டிசம்பரில் எங்களுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. இந்த ஏழு வருடமும் வீடு என் மனைவியின் சம்பளத்தில்தான் ஓடியது. ஒரு முறைகூட அவள் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. இனி சில மாதம் அவள் வேலைக்குப் போக முடியாது. போன வருடம் ஒரு நிகழ்ச்சிக்கான பணம் நாலு மாதம் கழித்துப் பாதிதான் வந்தது, நினைவிருக்கிறதா? அன்று நாம் நாலு பேரும் பொறுத்துக்கொண்டோம். குழந்தை வந்தபிறகு அப்படிப் பொறுத்துக்கொள்ள என்னால் முடியாது. மாதம் பிறந்தால் கையில் எவ்வளவு வரும் என்று தெரிந்தாக வேண்டும். உங்கள் யார்மீதும் எனக்கு வருத்தம் இல்லை. பாட்டு அலுத்துப்போகவும் இல்லை.

கதிர், உனக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சேர்ந்த புதிதில் நான் ஃப்ரெட்போர்டையே பார்த்துக்கொண்டு வாசிப்பேன். "கையைப் பார்க்காதே, என் காலைப் பார்" என்று நீ சொன்னாய். உன் கிக் விழும் இடத்தில் என் நோட் விழ ஆரம்பித்த அன்றுதான் பேஸ் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது. நோட்டை எங்கே தொடங்குவது என்பதை மட்டுமல்ல, எங்கே நிறுத்துவது என்பதையும் உன்னிடம்தான் கற்றேன். உன் ஸ்னேர் விழும்போது நான் தந்தியை அடக்கினால் பாட்டே நிமிர்ந்து உட்காரும். புதிதாக வருபவரிடமும் இதையே சொல். எவ்வளவு வேகமாக வாசிக்கிறார் என்று பார்க்காதீர்கள். ஒரே ரூட் நோட்டை மூன்று நிமிடம் உன்னோடு சேர்ந்து, ஓடாமல், இழுக்காமல் வாசிக்கிறாரா என்று பாருங்கள்.

சரி, வேலைகளுக்கு வருகிறேன். 16, 30 ஆகிய இரண்டு ஷோவுக்கும் நான் இருப்பேன். மொத்தம் 22 பாட்டுக்கும் கார்டு சார்ட் எழுதி வைத்திருக்கிறேன். எந்த இடத்தில் நாம் ரெக்கார்டிங்கை விட்டு வேறு மாதிரி வாசிக்கிறோம் என்பதையும் குறித்திருக்கிறேன். மூன்று பாட்டில் E தந்தியை D-க்கு இறக்குகிறேன். அவற்றை செட்லிஸ்ட்டில் அடுத்தடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் நடுவில் டியூன் செய்ய நேரம் போகும். ஆள் கிடைக்கும்வரை மீனா கீபோர்டில் இடது கையால் பேஸ் வாசித்துச் சமாளிக்கலாம். ஆனால் அந்த நாட்களில் வலது கையில் கீழ் ஸ்வரங்களை விட்டுவிடு மீனா, இரண்டும் மோதிக் குழம்பிவிடும்.

ஆம்ப் நாம் நாலு பேரும் சேர்ந்து வாங்கியது. அது ரிகர்சல் அறையிலேயே இருக்கட்டும், என் பங்கைத் திருப்பித் தர வேண்டாம். டிஐ பாக்ஸையும் இரண்டு நீளக் கேபிள்களையும் விட்டுப்போகிறேன். பேஸை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பாதியில் நிற்கும் நாலு பாட்டில் இரண்டுக்கு என் பகுதி முடிந்துவிட்டது. மற்ற இரண்டையும் மாதக் கடைசிக்குள் வீட்டில் வாசித்து அனுப்புகிறேன். புதியவர் அவற்றை மாற்றி வாசிக்க விரும்பினால் தயங்காமல் மாற்றட்டும். நான் சேர்ந்து உருவாக்கிய பாட்டுகளை நீங்கள் எப்போதும்போல மேடையில் வாசியுங்கள், அதற்கு என்னைக் கேட்க வேண்டியதில்லை. வெளியிடும்போது பெயர் மட்டும் இருந்தால் போதும்.

ஜோ அண்ணா, முதல் ஷோவில் என் தந்தி அறுந்தபோது திரும்பிக்கூடப் பார்க்காமல் பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடி எனக்கு நேரம் வாங்கிக் கொடுத்தீர்கள். அதற்கு நான் நன்றி சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன்.

இதைப் படித்துவிட்டுக் கோபம் வந்தால் போன் செய்து திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். வியாழக்கிழமை வழக்கம்போல ஆறு மணிக்கு வந்துவிடுவேன். சார்ட்டுகளையும் கொண்டு வருகிறேன். அந்த மெதுவான புதுப் பாட்டை முதலில் எடுப்போம், அதன் முடிவு எனக்கு இன்னும் சரியாக வரவில்லை.

அன்புடன்,
அருள்